லேபிள் பிரிண்டர் பக்கத்தில் டேப்பை எப்படிக் காட்டுவது: ஐந்து வழிகளின் ஒப்பீடு

லேபிள் பிரிண்டர் விற்கும் ஒரு சிறிய இணையக் கடையின் பொருள் பக்கங்களைச் சில காலம் நான் பார்த்துக்கொண்டேன். கருவிகள் இரண்டே இரண்டு. சிறியது 12 மி.மீ. அகலம் வரையுள்ள டேப்பை ஏற்கும், பெரியது 24 மி.மீ. வரை. டேப் கேசட்டுகள் 6, 9, 12, 18, 24 மி.மீ. என்று ஐந்து அகலங்களில் இருந்தன. ஒவ்வோர் அகலத்திலும் நான்கு நிறச் சேர்க்கைகள், ஆக 20 கேசட்டுகள். அதோடு ஒரு பவர் அடாப்டரும் கருவியை வைத்துக்கொள்ள ஒரு பையும். கடை, வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் ஓடியது.

வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என் கருவிக்கு எந்த டேப் வாங்க வேண்டும்?" இருபது கேசட்டுகளும் கடையில்தான் இருந்தன. ஆனால் கருவியின் பக்கத்தைத் திறந்தவருக்கு அவை கண்ணில் படவில்லை. சிலர் கேட்காமலேயே 18 மி.மீ. டேப்பை வாங்கிவிட்டு, சிறிய கருவியில் நுழையவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இதைச் சரிசெய்ய ஐந்து வழிகள் முன்னால் இருந்தன. விவரப் பகுதியில் கையால் இணைப்பு எழுதலாம். தளம் தானாகக் காட்டும் தொடர்புடைய பொருட்களை நம்பலாம். தளத்தில் இதற்கென்றே இருக்கும் `Upsells`, `Cross-sells` கட்டங்களை நிரப்பலாம். கருவியையும் டேப்பையும் ஒரே தொகுப்பாக விற்கலாம். அல்லது பொருந்தும் டேப்புகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் ஒரு பட்டியலுக்கு ஒற்றை இணைப்பு கொடுக்கலாம். ஐந்தையும் ஏதோ ஒரு கட்டத்தில் முயன்று பார்த்தோம்.

முதலில், யாருக்குக் காட்டுகிறோம்

கருவியின் பக்கத்துக்கு இரண்டு வகையான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் இன்னும் கருவியை வாங்காதவர். பெட்டியில் என்ன வரும், அடாப்டர் தனியாக வாங்க வேண்டுமா, டேப் தீர்ந்தால் சுலபமாகக் கிடைக்குமா என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். பல கருவிகளோடு வரும் தொடக்க டேப் முழு நீளம் இருக்காது. அதனால் முதல் நாளே இன்னொரு கேசட் சேர்த்து வாங்குவது அவருக்கு உண்மையிலேயே உதவும்.

இன்னொருவர் ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர். அவருக்குக் கேசட்டின் பெயர் நினைவில் இருக்காது. கருவியின் பெயர் மட்டும் தெரியும், ஏனென்றால் அது கருவியின் மேலேயே எழுதியிருக்கிறது. அதைத் தேடித்தான் வருகிறார். பக்கத்தில் "கார்ட்டில் சேர்" பொத்தான் கருவிக்கு மட்டும் இருந்தால், அவருக்கு அந்தப் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

இந்த இரண்டாவது ஆளைக் கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு கருவி ஒரே முறைதான் விற்கும். அதன் டேப்போ ஆண்டுக்கணக்கில் விற்கும்.

கையால் எழுதும் இணைப்பு

முதலில் செய்தது இதைத்தான். கருவியின் விவரத்தில் "இதற்குப் பொருந்தும் டேப்புகள்" என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொரு கேசட்டுக்கும் ஓர் இணைப்பு கொடுத்தோம். இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. எந்த டேப்பை ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்து எழுதலாம். "கோப்பு முதுகில் ஒட்ட 12 மி.மீ., கம்பியில் சுற்ற 6 மி.மீ." என்று சொல்ல வேறெந்த வழியிலும் இவ்வளவு வசதி இல்லை.

சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. சிறிய கருவிக்கு மூன்று அகலம், நான்கு நிறம், 12 இணைப்புகள். பெரியதற்கு 20. மொத்தம் 32 இணைப்புகள். 12 மி.மீ. வரையுள்ள ஓர் அகலத்தில் ஒரு புதிய நிறம் வந்தாலே இரண்டு பக்கங்களைத் திருத்த வேண்டும். 18 மி.மீ. வரை ஏற்கும் மூன்றாவது கருவி வந்தால் இன்னும் 16 இணைப்புகள். ஒரு கேசட்டின் முகவரியை மாற்றினாலோ, அதை நீக்கினாலோ, விவரத்தில் இருக்கும் இணைப்புக்கு அது தெரியாது. விலையும் இருப்பும் அங்கே தெரியாது. தீர்ந்துபோன கேசட்டுக்கும் இணைப்பு அப்படியே நிற்கும்.

இடமும் ஒரு சிக்கல். வூகாமர்ஸில் விவரங்கள் என்று இரண்டு உண்டு. நீண்ட விவரம் கீழே தாவல்களுக்குள் போய்விடும். கைபேசியில் அதுவரை உருட்டிப் போகிறவர்கள் குறைவு. குறு விவரமோ விலைக்குக் கீழே, "கார்ட்டில் சேர்" பொத்தானுக்கு மேலே வரும். இந்தக் குறு விவரத்தில் ஒரே ஒரு வரி எழுதுவது, நீண்ட விவரத்தில் எழுதும் பன்னிரண்டு வரிகளைவிட மேல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

தானாக வரும் தொடர்புடைய பொருட்கள்

இதற்கு எந்த வேலையும் செய்ய வேண்டாம் என்பதால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். வூகாமர்ஸ் தொடர்புடைய பொருட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். ஒரே வகையிலோ ஒரே குறிச்சொல்லிலோ இருக்கும் பொருட்களை எடுத்து, அவற்றைக் கலைத்துச் சிலவற்றைக் காட்டுகிறது, அவ்வளவுதான். லேபிள் பிரிண்டர்கள் என்ற வகையில் என்ன இருக்கும்? வேறு லேபிள் பிரிண்டர்கள். ஆக, சிறிய கருவியை வாங்க முடிவு செய்தவருக்குப் பெரிய கருவியைக் காட்டி யோசிக்க வைக்கிறோம், டேப்பைக் காட்டுவதில்லை.

சரி, கருவிக்கும் டேப்புக்கும் ஒரே குறிச்சொல் போட்டுவிடலாமே என்று தோன்றும். நாங்களும் போட்டோம். டேப்புகள் வந்தன, ஆனால் கருவிகளோடு கலந்து வந்தன. எந்த டேப் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அதோடு டேப்பின் பக்கத்தில் பொருந்தாத கருவியும் தலைகாட்டத் தொடங்கியது.

வாங்கியவர்களின் பழக்கத்தைக் கணக்கிட்டுப் பரிந்துரைக்கும் முறைகள் இதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் அவற்றுக்கு நிறைய ஆர்டர்கள் வேண்டும், சிறிய கடையில் அது இருக்காது. இன்னொன்றும் உண்டு. சிறிய கருவியையும் பெரிய கருவியையும் ஒரே ஆர்டரில் வாங்கும் அலுவலகம் ஒன்று 18 மி.மீ. டேப்பையும் சேர்த்து வாங்கினால், அந்த டேப் சிறிய கருவியோடும் சேர்ந்து வாங்கப்பட்டதாகவே கணக்கில் பதியும். ஒருவருக்குப் பிடித்த சட்டையை இன்னொருவருக்குக் காட்டித் தவறினால் நஷ்டமில்லை. நுழையாத டேப்பைக் காட்டினால் அது திரும்பி வரும். பொருத்தம் என்பது அளந்து சொல்ல வேண்டிய ஒன்று, அதை ஊகத்துக்கு விடக்கூடாது. அதனால் ரீஃபில் விஷயத்தில் தானியங்கிப் பரிந்துரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பை போன்ற துணைப் பொருளுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

`Upsells`, `Cross-sells`: பெயரில் இருக்கும் குழப்பம்

வூகாமர்ஸில் பொருளைத் திருத்தும் பக்கத்தில் `Linked Products` என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் இந்த இரண்டு கட்டங்கள். வியாபாரப் பேச்சில் முதலாவது, இதைவிட உயர்ந்த மாடலைக் காட்டுவது. இரண்டாவது, இதோடு சேர்ந்து போகும் பொருளைக் காட்டுவது. டேப் சேர்ந்து போகும் பொருள்தானே என்று நான் எல்லா டேப்பையும் `Cross-sells` கட்டத்தில் போட்டேன். கருவியின் பக்கத்தில் ஒன்றுகூட வரவில்லை. கடையின் தோற்றத்தை அமைக்கும் தீம்தான் கோளாறு என்று நினைத்து அரை நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். வூகாமர்ஸைப் பொறுத்தவரை இந்த இரண்டு பெயர்களும் இடத்தைத்தான் குறிக்கின்றன. `Upsells` கட்டத்தில் போட்டவை பொருளின் பக்கத்தில் வரும். `Cross-sells` கட்டத்தில் போட்டவை கார்ட் பக்கத்தில் வரும். கருவியின் பக்கத்திலேயே டேப் தெரிய வேண்டுமென்றால், அது உயர்ந்த மாடலாக இல்லாவிட்டாலும் `Upsells` கட்டத்தில்தான் போட வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். ஒன்று, பழைய பாணித் தீம்களில் `Upsells` பொருட்களின் வரிசை இயல்பாகவே ஒவ்வொரு முறையும் கலைத்துக் காட்டப்படும். நாம் முதலில் போட்டது முதலில் வராது. அதனால் இருபது டேப்பைப் போட்டு முக்கியமானது மேலே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு, பழைய பாணிக் கார்ட் பக்கம் `Cross-sells` பொருட்களில் இரண்டை மட்டுமே காட்டும், அதுவும் கலைத்து. பன்னிரண்டு போட்டாலும் கண்ணில் படுவது இரண்டுதான். ஏற்கெனவே கார்ட்டில் இருப்பதை அது தானாக விட்டுவிடும், அது நல்ல ஏற்பாடு. மூன்று, `Upsells` பகுதி தாவல்களுக்கும் மதிப்புரைகளுக்கும் கீழே வருகிறது. கணினியில் பரவாயில்லை, கைபேசியில் அது வெகு தூரம்.

அந்தப் பகுதிக்கு மேலே இயல்பாக வரும் தலைப்பும் பொதுப்படையானது, உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம் என்ற பொருளில் வரும். டேப் விஷயத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, பொருந்துமா என்பதுதான் கேள்வி. பழைய பாணித் தீமில் இந்தச் சிறிய துண்டைச் சேர்த்தால் தலைப்பு மாறிவிடும்:

```php
add_filter( 'woocommerce_product_upsells_products_heading', function () {
    return 'இந்தக் கருவிக்குப் பொருந்துபவை';
} );
```

இந்தத் தலைப்பு எல்லாப் பொருள் பக்கங்களிலும் வரும் என்பதால், அதற்குப் பிறகு பொருந்தாத எதையும் அந்தக் கட்டத்தில் போடக்கூடாது. பெரிய கருவியைச் சிறியதன் `Upsells` கட்டத்தில் முன்பே யாராவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கையால் எழுதும் இணைப்போடு ஒப்பிட்டால் இதன் லாபம் தெளிவு. விலை, படம், இருப்பு எல்லாம் உடனுக்குடன் வரும். கேசட்டின் முகவரி மாறினாலும் இணைப்பு உடையாது, ஏனென்றால் அது பொருளின் எண்ணைத்தான் சேமித்து வைக்கிறது. சி.எஸ்.வி. கோப்பில் ஒரே மூச்சில் ஏற்றவும் முடியும்:

```
SKU,Upsells,Cross-sells
LP-12,"T06,T09,T12",ADP-1
LP-24,"T06,T09,T12,T18,T24",ADP-1
```

ஏற்றும்போது, ஏற்கெனவே உள்ள பொருட்களைப் புதுப்பிக்கும் தேர்வை டிக் செய்ய மறக்காதீர்கள். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு கருவியின் பக்கத்தையும் திறந்து எண்ணிப் பாருங்கள். `SKU` குறியீட்டில் ஓர் எழுத்து தவறினால் அந்தப் பொருள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

மேலே உள்ள கோப்பில் கவனித்தீர்களா, சிறிய கருவிக்கு 12 குறியீடுகள் இல்லை, மூன்றுதான் இருக்கின்றன. இங்கேதான் எங்கள் வேலையின் பாதை மாறியது.

எண்ணிக்கை 32 இலிருந்து 8 ஆனது எப்படி

பிரச்சினை இணைப்புகளில் இல்லை, பொருட்களை நாங்கள் பிரித்திருந்த விதத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு கேசட்டும் தனிப் பொருளாக இருந்ததால் 20 பொருட்கள். இதை எப்படிச் சுருக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தோம். ஒரே டேப் பொருளை வைத்து, அகலத்தையும் நிறத்தையும் அதன் வேரியேஷன்களாக ஆக்கலாம் என்பது முதலில் தோன்றிய யோசனை. அப்படிச் செய்திருந்தால் கருவிக்கு ஒரு இணைப்பு போதும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் சிறிய கருவியின் பக்கத்திலிருந்து அந்த டேப்புக்குப் போகிறவர், அகலத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் 18, 24 இரண்டையும் பார்ப்பார். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. நாம் கொடுத்த இணைப்பே அவரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப் போகும்.

எனவே பிரிக்கும் கோட்டை வேறு இடத்தில் போட்டோம். கருவியில் நுழையுமா என்பதை அகலம் தீர்மானிக்கிறது. நிறத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஒவ்வோர் அகலமும் தனிப் பொருள், நிறம் அதற்குள் வேரியேஷன். இருபது பொருட்கள் ஐந்தாயின. சிறிய கருவிக்கு மூன்று இணைப்பு, பெரியதற்கு ஐந்து, மொத்தம் எட்டு. சிறிய கருவியிலிருந்து எந்த இணைப்பைத் தொட்டுப் போனாலும், போன இடத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொருந்தும். புதிய நிறம் வந்தால் ஒரு வேரியேஷன் சேர்த்தால் போதும், கருவியின் பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

இதே கணக்கு மற்றவற்றுக்கும் பொருந்தும். ஷேவிங் பிளேடில் கைப்பிடியோடு சேரும் முனை எந்த வகை என்பது தனிப் பொருள், பாக்கெட்டில் எத்தனை என்பது வேரியேஷன். ஃபவுண்டன் பேனாவில் கார்ட்ரிட்ஜின் வகை தனிப் பொருள், மையின் நிறம் வேரியேஷன். கடையைத் தொடங்கும்போதே இப்படிப் பிரித்துவிட்டால் பிறகு கஷ்டமில்லை. பின்னால் மாற்றுவதென்றால் பழைய பக்கங்களின் முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட வேண்டும். எங்களுக்கு அந்த வேலைதான் அதிக நேரம் எடுத்தது.

ஒரு சின்னக் குறை உண்டு. வேரியேஷன் உள்ள பொருளை `Upsells` பகுதியிலிருந்து நேராகக் கார்ட்டில் சேர்க்க முடியாது. நிறத்தைத் தேர்ந்தெடுக்க அதன் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு சொடுக்கு கூடுதல். தவறான டேப் திரும்பி வருவதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை என்று விட்டுவிட்டேன்.

தொகுப்பு

கருவியோடு இரண்டு டேப் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பது புதிதாக வாங்குகிறவருக்குப் பிடிக்கும். தேர்வு செய்யும் சுமை அவருக்குக் குறைகிறது. ஆனால் இரண்டாவது ஆளுக்கு, அதாவது ஏற்கெனவே கருவி வைத்திருப்பவருக்கு, தொகுப்பால் எந்தப் பயனும் இல்லை. இணைப்புக்கு மாற்றாக இதை நினைக்க முடியாததற்கு அதுவே போதுமான காரணம்.

இருப்புக் கணக்கும் சேர்ந்து தொல்லை கொடுக்கும். தொகுப்பைத் தனிக் குறியீட்டோடு ஒரு சாதாரணப் பொருளாகப் போட்டால், அது விற்கும்போது கருவியின் இருப்பும் டேப்பின் இருப்பும் குறையாது. கிடங்கில் ஏழு கருவிகள் இருக்கின்றன என்று வையுங்கள். தனிக் கருவிக்கு ஏழு என்றும் தொகுப்புக்கு நான்கு என்றும் பதிந்தால், கடை பதினொரு கருவிகளை விற்கத் தயாராக இருக்கும். கூறுகளின் இருப்பைச் சேர்த்துக் குறைக்கும் நீட்சி ஒன்று இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

வூகாமர்ஸிலேயே குழுப் பொருள் என்று ஒன்று உண்டு. `Grouped product` என்று தேர்ந்தெடுக்கலாம். கருவி, டேப், அடாப்டர் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும், வேரியேஷன் இல்லாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணிக்கைப் பெட்டி இருக்கும். இருப்புக் கணக்கு தனித்தனியாகச் சரியாக ஓடும், தொகுப்பின் தொல்லை இல்லை. ஆனால் எண்ணிக்கையை வாங்குகிறவரே நிரப்ப வேண்டும். நிரப்பாமல் பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்திதான் வரும். கருவிக்கு ஏற்கெனவே தனிப் பக்கம் இருந்தால், ஒரே பொருளுக்கு இரண்டு பக்கங்கள் ஆகிவிடும். தேடி வருகிறவர் எதில் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. சில உதிரிப் பாகங்களைச் சேர்த்தே வாங்க வேண்டிய பொருட்களுக்கு இது நல்ல வழி. லேபிள் பிரிண்டருக்கு ஒத்துவரவில்லை.

வடிகட்டிய பட்டியலுக்கு ஒற்றை இணைப்பு

கருவிகள் இரண்டுக்குப் பதில் பதினைந்து இருந்தால் என்ன செய்வது? அப்போது எட்டு இணைப்பு அறுபது எழுபது ஆகும். அந்த நிலையில் நான் வடிகட்டிய பட்டியலுக்குப் போவேன். டேப்புக்கு அகலம் என்பதைப் பொதுப் பண்பாகப் பதிந்திருந்தால், வூகாமர்ஸ் முகவரியிலேயே வடிகட்ட விடுகிறது:

```
/product-category/tapes/?filter_width=6-mm,9-mm,12-mm&query_type_width=or
```

சிறிய கருவியின் குறு விவரத்தில் "இந்தக் கருவிக்குப் பொருந்தும் டேப்புகள்" என்று ஒரே வரி, அதற்கு இந்த முகவரி. 12 மி.மீ. அகலத்தில் நாளைக்குப் புதிய டேப் வந்தால் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொள்ளும். முகவரியின் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மூன்று அகலங்களும் ஒரே நேரத்தில் உள்ள டேப்பைத் தளம் தேடும். அப்படி ஒரு டேப் உலகத்தில் இல்லை, பட்டியல் காலியாக வரும்.

எல்லையும் சொல்லிவிடுகிறேன். பொருத்தத்தை ஒரே பண்பு தீர்மானிக்கும்போதுதான் இது சரியாக ஓடும். கம்பியில் மாட்டிச் சூடுபடுத்தினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய் வகைக் கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றை எல்லாக் கருவிகளும் அச்சிடாது. அகலம் ஒத்துப்போனாலும் கருவி ஏற்காமல் போகலாம். அவற்றை டேப் வகையில் சேர்க்காமல் தனி வகையாக வையுங்கள். இல்லாவிட்டால் அகலத்தை மட்டும் பார்க்கும் இந்த வடிகட்டி அவற்றையும் பொருந்துவதாகக் காட்டிவிடும். புதிய அகலம் ஒன்று வந்தாலும், ஒவ்வொரு கருவியின் முகவரியிலும் அதைச் சேர்க்கத்தான் வேண்டும்.

வேறு தளங்களில்

ஷாப்பிஃபையில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே `Search & Discovery` என்ற செயலியில் தொடர்புடைய பொருட்கள் வேறு, துணை நிற்கும் பொருட்கள் வேறு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். முதலாவது தானாகவும் வரும். இரண்டாவதை, `Complementary products` என்று இருப்பதை, நாமே தேர்ந்தெடுத்தால்தான் வரும். ஒரு பொருளுக்குப் பத்து வரை போடலாம். தீமில் அதற்கான பகுதியைச் சேர்க்க வேண்டும். டான் தீமில் அதைப் பொருள் தகவல் பகுதிக்குள்ளேயே, பொத்தானுக்குப் பக்கத்தில் வைக்க முடியும். கைபேசியில் இது பெரிய லாபம். ரீஃபிலுக்கு ஏற்ற அமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். செயலியில் தேர்ந்தெடுத்தும் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை என்றால், பெரும்பாலும் தீமில் அந்தப் பகுதியைச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள்.

அமேசான் போன்ற சந்தைகளில் நம் கை அவ்வளவு நீளாது. சேர்ந்து வாங்கப்படுபவை என்று அங்கே வருவது தானாக வருவதுதான். ரீஃபிலைக் கருவியின் வேரியேஷனாகப் போட்டு ஒரே பக்கத்தில் கொண்டுவரச் சிலர் முயல்கிறார்கள். வேரியேஷன் என்பது ஒரே பொருளின் அளவு, நிறம் போன்ற மாறுபாட்டுக்கு மட்டும் என்பது அங்கே விதி. இந்தக் குறுக்குவழி பக்கத்தையே முடக்கிவிடக்கூடும், வேண்டாம். சொந்த பிராண்டைப் பதிவு செய்தவர்களுக்கு ஒப்பீட்டு அட்டவணை வைக்கும் வசதி உண்டு, அதிலிருந்து தங்கள் மற்றப் பொருட்களுக்கு இணைக்கலாம்.

எங்கள் முடிவு

கருவிகள் இரண்டாக இருந்ததால் வடிகட்டிய பட்டியல் தேவைப்படவில்லை. டேப்பை அகலத்தின்படி ஐந்து பொருட்களாக்கி, `Upsells` கட்டத்தில் எட்டு இணைப்புகள் போட்டோம். பவர் அடாப்டரை மட்டும் `Cross-sells` கட்டத்தில் வைத்தோம். ஒன்றே ஒன்று என்பதால் கார்ட் பக்கத்தில் அது தவறாமல் தெரியும். பையை எங்கேயும் போடவில்லை. அதை வாங்குகிறவர் தேடி வாங்குவார், டேப்புக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது.

அப்புறம், `Upsells` பகுதி கீழே கிடக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்காகக் குறு விவரத்தில் ஒரு வரி: "6, 9, 12 மி.மீ. டேப்புகள் பொருந்தும். 18, 24 மி.மீ. பொருந்தாது." மூன்று எண்களுக்கும் இணைப்பு. பொருந்தாததையும் எழுதியது முக்கியம் என்று நினைக்கிறேன். எது நுழையும் என்று மட்டும் சொன்னால், மற்றதும் நுழையலாம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் மூன்றை மட்டும் கவனித்தோம். கருவி வாங்கிய ஆர்டர்களில் எத்தனையில் டேப்பும் சேர்ந்து இருக்கிறது. பொருந்தவில்லை என்று திரும்பி வரும் டேப் எத்தனை. எந்த டேப் என்று கேட்டு வரும் மின்னஞ்சல் எத்தனை. முதலாவது கூடி, இரண்டாவது குறையாமல் இருந்தால் டேப் கண்ணில் படுகிறது, ஆனால் தவறான டேப் படுகிறது என்று பொருள். அப்போது எட்டு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது குறையாமல் இருந்தால், கைபேசியில் பக்கத்தைத் திறந்து, குறு விவரத்தை உங்கள் தீம் எங்காவது மறைக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பக்க வேலையும் செய்தோம். டேப்பின் பக்கத்திலிருந்து கருவியை நோக்கியும் பொருத்தத்தை எழுதினோம். `schema.org` சொல்தொகுதியில் இதற்கென்றே `isConsumableFor` என்ற பண்பு இருக்கிறது. துணைப் பொருளுக்கும் உதிரிப் பாகத்துக்கும் `isAccessoryOrSparePartFor`. இரண்டையும் எழுதும் இடம் கருவியின் பக்கம் அல்ல, டேப்பின் பக்கமும் அடாப்டரின் பக்கமும்தான். இந்தத் திசை எனக்குச் சரியாகப் படுகிறது. கருவி வெளிவரும்போது நாளைக்கு என்னென்ன டேப் வரும் என்று அதற்குத் தெரியாது. டேப்புக்கோ தான் எந்தக் கருவிகளில் நுழையும் என்பது வெளிவரும்போதே தெரியும். ஆனால் இது தேடுபொறி படிப்பதற்கான தகவல். வாங்குகிறவர் கண்ணுக்கு எதையும் காட்டாது. `Upsells` கட்டத்துக்கு இது மாற்றாகாது.

கண்ணுக்குத் தெரிவதற்காக ஒவ்வொரு டேப்பின் விவரத்திலும் அது பொருந்தும் கருவிகளின் மாடல் பெயர்களை எழுத்தாகவே சேர்த்தோம். இதன் பயன் பிறகுதான் தெரிந்தது. சிறிய கருவியின் தயாரிப்பு நின்றது. இருப்பு தீர்ந்தது. தீர்ந்த பொருட்களைப் பட்டியலில் மறைக்கும் தேர்வு கடையில் போட்டிருந்ததால், கடைக்குள் தேடினால் கருவியின் பக்கம் வரவில்லை. நேரடி முகவரியில் மட்டும் திறந்தது. அந்தப் பக்கத்தை நீக்கவோ புதிய கருவிக்குத் திருப்பிவிடவோ வேண்டாம் என்று முடிவு செய்தோம், ஏனென்றால் தேடுபொறியிலிருந்து பழைய கருவிக்காரர்கள் இன்னும் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். குறு விவரத்தின் முதல் வரியை மட்டும் மாற்றினோம்: "இந்தக் கருவி இப்போது விற்பனையில் இல்லை. இதற்கான டேப்புகள் கிடைக்கும்." கடைக்குள் மாடல் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு, விவரத்தில் அந்தப் பெயர் இருப்பதால், மூன்று டேப்புகளும் நேராக வந்து நிற்கின்றன.